காப்பித்தூளில் காப்பி எவ்வளவு?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் செல்பவர்கள், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வரிசையாக வளர்ந்திருக்கும் காப்பிச் செடிகளைக் காணலாம். மரங்களின் மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். 1820ஆம் ஆண்டுகளில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இன்றும் இந்தியக் காப்பி வாரியம் சேர்வராயன் மலையைத் தனியொரு காப்பி வட்டாரமாகக் கணக்கிடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்குப் பழம் பறிக்கும் காலம்.

இந்த மலையிலிருந்து இறங்குமுன் பலரும் கடையில் காப்பித்தூள் வாங்குகிறார்கள். அங்கே நான்கு வகைச் சரக்கு அவர்கள் முன் நிற்கிறது. ஒன்று, பில்டரில் போட்டு டிகாக்ஷன் இறக்கும் வறுத்த தூள். இரண்டு, புட்டியிலோ உறையிலோ வரும் தயார் டிகாக்ஷன். மூன்று, வெந்நீரில் போட்டதும் கரைந்துவிடும் இன்ஸ்டன்ட் காப்பி. நான்கு, சர்க்கரையும் பால் பொடியும் சேர்த்தே வரும் பிரிமிக்ஸ் பொட்டலம். நான்கின் மேலும் காப்பிக் கொட்டையின் படம் அச்சிட்டிருக்கும். ஆனால் நான்கிலும் காப்பி ஒரே அளவில் இல்லை. பொட்டலத்தின் மேல் உள்ள சிறிய எழுத்துக்களைப் படித்து, ஓர் எளிய தராசையும் துணைக்கு வைத்துக்கொண்டால், எதில் எவ்வளவு காப்பி உள்ளது என்பதை நாமே கணக்கிட்டு அறியலாம். அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சிக்கரி என்பது என்ன?

சிக்கரி ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இது பயிராகிறது. வேரைத் துண்டாக்கி உலர்த்தி, வறுத்துப் பொடிக்கிறார்கள். 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் பிரிட்டனுடன் வாணிகத்தைத் தடை செய்தபோது ஐரோப்பாவில் காப்பி கிடைப்பது அரிதாயிற்று. அப்போது மக்கள் காப்பிக்குப் பதிலாக இந்த வேர்ப்பொடியைப் பெருமளவில் நாடினார்கள். தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அந்தச் சுவைப் பழக்கம் நீங்கவில்லை.

உலர்ந்த சிக்கரி வேரில் பாதிக்கு மேல் இனுலின் என்னும் மாவுப்பொருள். இது பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையின் மூலக்கூறுகள் சங்கிலி போல் கோத்து அமைந்தது. வறுக்கும்போது சங்கிலியின் சில கண்ணிகள் அறுபட்டுச் சர்க்கரையாகின்றன. அந்தச் சர்க்கரை சூட்டில் கருகிக் கருஞ்சிவப்பு நிறத்தையும், கருகிய வெல்லப்பாகு போன்ற மணத்தையும், ஒரு கசப்பையும் தருகிறது. சிக்கரியில் காபீன் அறவே இல்லை. காப்பிக் கொட்டையில் உள்ள எண்ணெயும் அதன் நறுமணமும் இதில் இல்லை.

எனவே சிக்கரி கலந்த டிகாக்ஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதைப் பார்த்து, அதில் காப்பி அதிகம் என்று எண்ணுவது தவறு. நிறமும் கெட்டித்தன்மையும் சிக்கரியிலிருந்து வருபவை. மணமும், நாவில் படும் இலேசான புளிப்பும், காபீனும் காப்பியிலிருந்து வருபவை.

அதற்காகச் சிக்கரியைக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. பொட்டலத்தின் மேல் அதன் அளவை அறிவித்து விற்றால் அது சட்டத்துக்கு உட்பட்ட கலவைதான். நம் நாட்டு உணவு விதிகளின்படி, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. இரண்டின் விழுக்காட்டையும் பொட்டலத்தில் அச்சிடவேண்டும். கடைகளில் 80:20, 70:30, 60:40, 53:47 என்ற கலவைகளைக் காணலாம். கடைசியாகச் சொன்னது சட்டத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி நிற்பது.

பொட்டலத்தில் 20, கோப்பையில் 43

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. நாம் தூளைத் தின்பதில்லை. அதிலிருந்து வெந்நீரில் கரைந்து வரும் பொருளைத்தான் குடிக்கிறோம். மீதி சக்கையாகப் பில்டரில் தங்கிவிடுகிறது. ஆகவே, தூளில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எது எவ்வளவு கரைகிறது என்பதே நமக்கு முக்கியம்.

வறுத்த காப்பித்தூளின் பெரும்பகுதி நார்ப்பொருள். வீட்டுப் பில்டரில் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு, நீரில் கரைந்து இறங்கும். சிக்கரியோ பெரும்பாலும் சர்க்கரையும் இனுலினும் ஆனது. இரண்டும் வெந்நீரில் எளிதில் கரைபவை. சிக்கரித் தூளில் நீரில் கரையும் பகுதி 55 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று உணவு விதியே கூறுகிறது. கணக்கு எளிதாக இருக்க 60 விழுக்காடு என்று கொள்வோம்.

இப்போது 80:20 கலவைத் தூளில் 30 கிராம் எடுத்து டிகாக்ஷன் போடுகிறோம். அதில் காப்பி 24 கிராம், சிக்கரி 6 கிராம். காப்பியிலிருந்து கரைவது 24 × 0.20 = 4.8 கிராம். சிக்கரியிலிருந்து கரைவது 6 × 0.60 = 3.6 கிராம். டிகாக்ஷனில் கரைந்துள்ள மொத்தப் பொருள் 8.4 கிராம். இதில் சிக்கரியின் பங்கு 3.6 ÷ 8.4, அதாவது 43 விழுக்காடு. தூளில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த சிக்கரி, டிகாக்ஷனில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது!

53:47 கலவையில் இதே கணக்கைச் செய்து பாருங்கள். காப்பியிலிருந்து சுமார் 3.2 கிராமும் சிக்கரியிலிருந்து சுமார் 8.5 கிராமும் கரையும். கோப்பையில் கரைந்துள்ள பொருளில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரியே இருக்கும். காப்பி அதில் சிறுபான்மைதான்.

இன்ஸ்டன்ட் காப்பியின் நிலை சற்று வேறு. தொழிற்சாலையில் பெரிய கலங்களில் டிகாக்ஷன் இறக்கி, அதைச் செறிவாக்கி, உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து நுண்துளிகளாகத் தெளித்துச் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். துளி கீழே விழுமுன் நீர் ஆவியாகிப் பொடியாகிவிடும். மற்றொரு முறையில் டிகாக்ஷனை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்குகிறார்கள். இதில் மணம் சற்றுக் கூடுதலாகத் தங்கும், செலவும் கூடும். எம்முறையாயினும் சக்கை தொழிற்சாலையிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கிலோ இன்ஸ்டன்ட் தூளுக்கு ஏறத்தாழ 2.6 கிலோ பச்சைக் கொட்டை தேவை. இரண்டின் கரைபொருள்களையும் 70:30 என்று கலந்திருந்தால், கோப்பையிலும் அதே 70:30தான். ஆகையால் பில்டர் தூளின் 70:30ஐயும் இன்ஸ்டன்ட் தூளின் 70:30ஐயும் ஒன்றென்று நினைத்து ஒப்பிடக்கூடாது.

விலையையும் இதே கண்ணால் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, கலப்பற்ற தூள் 100 கிராம் 100 ரூபாய் என்றும், 53:47 தூள் 100 கிராம் 70 ரூபாய் என்றும் கொள்வோம். முதலாவதில் ஒரு கிராம் காப்பிக்கு நாம் கொடுப்பது 1 ரூபாய். இரண்டாவதில் 70 ஐ 53 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 ரூபாய் 32 காசு. காப்பி வேண்டும் என்று வாங்குபவருக்கு மலிவான பொட்டலமே விலை கூடியது! உங்கள் ஊர்க் கடை விலைகளை இட்டு இக்கணக்கைச் செய்து பாருங்கள்.

மிதப்பதும் மூழ்குவதும்

தூளில் சிக்கரி உண்டா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீரை எடுத்து, அசைக்காமல் வைத்து, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். காப்பித் துகள்கள் மிதக்கும். சிக்கரித் துகள்கள் சில நொடிகளில் பழுப்பு நிறக் கோடுகளை இழுத்தபடி மூழ்கத் தொடங்கும்.

காரணம் என்ன? காப்பிக் கொட்டையை 200 பாகைக்கும் மேலான சூட்டில் வறுக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகி, கொட்டை உப்பி, நுண்துளைகள் நிறைந்ததாகிறது. அத்துளைகளில் வாயு அடைபட்டிருக்கிறது. மேற்பரப்பில் எண்ணெய் படிந்திருக்கிறது. எண்ணெய் நீரை எளிதில் உட்புகவிடுவதில்லை. அதனால் துகளின் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவாகவே நின்று, துகள் மிதக்கிறது. சிக்கரித் துகளில் அந்த எண்ணெய்க் காப்பு இல்லை. அதன் சர்க்கரை நீரை உறிஞ்சுகிறது. துளைகளில் நீர் புகுந்ததும் அடர்த்தி கூடி, அது மூழ்குகிறது.

இச்சோதனைக்கு எல்லை உண்டு. அது சிக்கரி இருக்கிறதா என்று சொல்லுமேயன்றி எவ்வளவு என்று சொல்லாது. பொடித்து நெடுநாளான காப்பித்தூள் வாயுவை இழந்து சற்று விரைவில் மூழ்கக்கூடும். இன்ஸ்டன்ட் தூளில் இச்சோதனை பயன்படவே படாது. அதில் இரண்டுமே கரைந்துவிடும்.

தராசு சொல்லும் கணக்கு

எவ்வளவு என்று அறியத் தராசு வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் போதும். இச்சோதனைக்கு ஏற்காட்டின் தோட்டக் கடைகளில் கிடைக்கும் சிக்கரி கலவாத தூள் நமக்கு மிகவும் உதவும். அதுவே நம் அளவுகோல்.

எடுத்துக்கொள்ளும் தூளை முதலில் ஈரமின்றி உலர்த்தி, 20 கிராம் நிறுத்துப் பில்டரின் மேல் அறையில் இடுங்கள். 100 மில்லி கொதிநீரை ஊற்றுங்கள். அது இறங்கியதும் மேலும் 100 மில்லி ஊற்றுங்கள். முழுவதும் இறங்கிய பின் சக்கையைச் சிறிதும் சிந்தாமல் ஒரு தட்டில் வழித்துப் பரப்பி, நீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் தட்டை வைத்து உலர்த்துங்கள். நேரே தீயில் வைத்தால் சக்கை கருகி எடை குறையும். நிறுத்து, மீண்டும் அரைமணி உலர்த்தி, மறுபடி நிறுங்கள். இரண்டு எடைகளும் ஒன்றாகும்வரை இதைத் தொடரவேண்டும். தூளின் எடையிலிருந்து சக்கையின் எடையைக் கழித்தால், கரைந்து போன பொருளின் எடை கிடைக்கும்.

முதலில் கலப்பற்ற தூளுக்கும், அடுத்து அதனுடன் நாமே சிக்கரியை நிறுத்துக் கலந்த 80:20 தூளுக்கும் இதைச் செய்யவேண்டும். முன் சொன்ன விகிதப்படி, கலப்பற்ற 20 கிராமில் 4.0 கிராம் கரைந்தது என்றும், 80:20 கலவையில் 5.6 கிராம் கரைந்தது என்றும் கொள்வோம். 20 விழுக்காடு சிக்கரி சேர்ந்ததால் 1.6 கிராம் கூடியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு விழுக்காடு சிக்கரிக்கும் 0.08 கிராம் கூடுகிறது.

இனி, கடையில் வாங்கிய தூளில் 7.6 கிராம் கரைந்தது என்று வைத்துக்கொள்வோம். கலப்பற்ற தூளைவிட இது 3.6 கிராம் கூடுதல். 3.6 ஐ 0.08 ஆல் வகுக்க 45 கிடைக்கிறது. எனவே அத்தூளில் சிக்கரி ஏறத்தாழ 45 விழுக்காடு. பொட்டலத்தில் 47 என்று அச்சிட்டிருந்தால் பொய் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. 12 கிராம் சக்கையில் 2 விழுக்காடு ஈரம் தங்கிவிட்டாலே எடையில் 0.24 கிராம் பிழை ஏற்படும். அது சிக்கரிக் கணக்கில் 3 விழுக்காட்டுப் பிழையாகும். ஆகவே 45உம் 47உம் நம் சோதனையின் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் பொட்டலத்தில் 20 என்று அச்சிட்டிருந்து நமக்கு 45 கிடைத்தால், அது கேட்கவேண்டிய கேள்வி. முறையாகப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் காபீனையும் அளப்பார்கள். சிக்கரியில் காபீன் இல்லாததால், சிக்கரி கூடக் கூடக் காபீன் குறையும்.

மூன்று தூள்களையும் ஒரே பருமனில் அரைத்து, நீரையும் பில்டரையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது இன்றியமையாதது. அரைப்பு நுண்மையானால் கரைவது கூடும். அதைச் சிக்கரி என்று தவறாகக் கணக்கிட நேரும்.

சர்க்கரை எங்கே ஒளிந்திருக்கிறது?

பிரிமிக்ஸ் பொட்டலத்துக்கு வருவோம். எந்த உணவுப் பொட்டலத்திலும் சேர்பொருள்களை எடை இறங்கு வரிசையில் எழுதவேண்டும் என்பது விதி. பட்டியலில் முதலில் சர்க்கரை என்று இருந்தால், அப்பொட்டலத்தில் மிகுதியாக இருப்பது சர்க்கரையே. காப்பி அதற்குப் பின்னால்தான். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி சத்து அட்டவணையில் ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்த்த சர்க்கரை’ என்று இரண்டு வரிகள் இருக்கவேண்டும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? பால் பொடியிலேயே லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை உண்டு. அது மொத்தத்தில் சேரும். சேர்த்த சர்க்கரையில் சேராது.

ஒரு பொட்டலம் 15 கிராம் என்று கொள்வோம். அதில் சர்க்கரை 55 விழுக்காடு, பால் பொடி 33 விழுக்காடு, 70:30 இன்ஸ்டன்ட் காப்பி-சிக்கரித் தூள் 12 விழுக்காடு. சேர்த்த சர்க்கரை 15 × 0.55 = 8.25 கிராம். பால் பொடியில் ஏறத்தாழ 38 விழுக்காடு லாக்டோஸ்; அது சுமார் 1.9 கிராம். மொத்தச் சர்க்கரை 10 கிராமுக்குச் சற்று அதிகம். காப்பி-சிக்கரித் தூள் 1.8 கிராம், அதில் காப்பி 1.26 கிராம் மட்டுமே. 15 கிராம் பொட்டலத்தில் காப்பி பன்னிரண்டில் ஒரு பங்குதான்!

8.25 கிராம் என்பது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. ஒருநாளில் உடலுக்குத் தேவையான ஆற்றலில் 5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது சுமார் 25 கிராமுக்கு மேல், இத்தகைய சர்க்கரையிலிருந்து வராதிருப்பது நல்லது என்று உலக நல நிறுவனம் 2015இல் கூறியது. மூன்று வேளை பிரிமிக்ஸ் குடிப்பவர் காப்பியிலேயே அந்த அளவை எட்டிவிடுகிறார். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. டிகாக்ஷனிலும் இன்ஸ்டன்ட் காப்பியிலும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள நம்மால் முடியும். பிரிமிக்ஸில் அது முடியாது. சர்க்கரையைக் குறைக்கத் தூளைக் குறைத்தால், காப்பியும் சேர்ந்து குறைந்துவிடும்.

தயார் டிகாக்ஷன் புட்டியிலும் சேர்பொருள் பட்டியலைப் பார்க்கவேண்டும். சில திரவக் காப்பிகளில் சர்க்கரை சேர்ப்பது இனிப்புக்கு மட்டுமன்று. செறிவான சர்க்கரைக் கரைசலில் நுண்ணுயிர்கள் வளர நீர் கிடைக்காது. ஆகவே சரக்கு கெடாமல் நிற்கும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் 1876இல் வெளிவந்த ‘கேம்ப் காப்பி’ இந்த முறையில் சர்க்கரையையும் சிக்கரிச் சாற்றையும் காப்பிச் சாற்றையும் கூட்டிச் செய்த புட்டிக் காப்பிதான். சர்க்கரை சேராத டிகாக்ஷனைத் திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிடவேண்டும்.

நாக்கைச் சோதிப்பது எப்படி?

எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவை இருக்கிறது. சேர்வராயன் மலையில் பெரிதும் விளைவது அராபிகா இனம். உயர்ந்த, குளிர்ந்த இடத்தில் பழம் மெல்லப் பழுப்பதால் மணமும் மெல்லிய புளிப்பும் கூடுகின்றன. ஆனால் பாலும் சர்க்கரையும் நிறையச் சேர்த்தால் இந்த நுட்பமான சுவை அமுங்கிவிடும். சிக்கரியின் கருகல் கசப்போ பாலையும் மீறி நிற்கும். பால் காப்பி பழகிய நம் வீடுகளில் சிக்கரிக்கு இடம் கிடைத்ததற்கு விலை மட்டும் காரணமன்று. இதுவும் ஒரு காரணம்.

‘எனக்குக் கலப்பற்ற காப்பிதான் பிடிக்கும்’ என்று சொல்பவரால் உண்மையிலேயே வேறுபாட்டை அறிய முடிகிறதா? இதற்கு மூன்று கோப்பைச் சோதனை உண்டு. இரண்டு கோப்பைகளில் ஒரு தூளையும், மூன்றாவதில் மற்றொரு தூளையும் கொண்டு காப்பி தயாரியுங்கள். பால், சர்க்கரை, சூடு மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். நிறம் காட்டிக் கொடுக்காதபடி கண்ணைக் கட்டிவிடுங்கள். வேறுபட்ட கோப்பை எது என்று அவர் சொல்லவேண்டும்.

ஒருமுறை சரியாகச் சொன்னால் அதில் வியப்பில்லை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு முறையும் சரியாவதற்கு வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. நான்கு முறையும் சரியாவதற்கு எண்பத்தொன்றில் ஒன்று. நான்கு முறையும் சரியாகச் சொன்னவரின் நாக்கை நாம் நம்பலாம். ஒவ்வொரு முறையும் ஒரு வாய் மட்டும் சுவைத்து, இடையில் வெறும் நீரால் வாய் கொப்பளித்தால் போதும். சர்க்கரை இல்லாமல் ஒருமுறையும், இரண்டு தேக்கரண்டி சேர்த்து ஒருமுறையும் இச்சோதனையைச் செய்து பார்த்தால், இனிப்பு எவ்வளவு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதும் புலப்படும்.

இனிக் கடைக்குச் செல்லும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். பில்டர் தூளானால் சிக்கரி விழுக்காட்டைப் பார்த்து, கோப்பையில் அது ஏறத்தாழ இரு மடங்காக நிற்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விகிதம் பாதியை நெருங்கினால் மட்டும் அவ்வளவு பெருகாது. இன்ஸ்டன்ட் தூளானால் அது தனிக் காப்பியா, சிக்கரிக் கலவையா என்று பாருங்கள். பிரிமிக்ஸானால் சேர்த்த சர்க்கரையைப் பொட்டலத்தின் எடையால் பெருக்கி 100 ஆல் வகுத்துப் பாருங்கள். பிறகு சிக்கரிச் சுவைதான் பிடிக்கிறது என்று அதையே வாங்கினாலும் தவறில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.